கழற்றிய ஆர்சிசிபி, கிணற்றுக்குள் ஒரு ஜாயிண்ட்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கம். ஐம்பது அடி கிணறு, ஒரு எச்.பி. சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் மோட்டார், இரும்புப் பைப்பில் இறக்கியது. ரெண்டு வருஷம் முன்னால் கேபிள் பாதிக் கிணற்றில் கல்லில் உரசி அறுந்தது, டேப் சுற்றி ஜாயிண்ட் போட்டார்கள். இந்த மழையில் தண்ணீர் ரொம்ப மேலே வந்த பிறகு மோட்டார் போட்டதும், கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழ ஆரம்பித்தது. வயர்மேன் அதைக் கழற்றி நேராகக் கொடுத்துவிட்டார், மோட்டார் ஓடுகிறது. ஆனால் நேற்று காலை மோட்டார் ஓடும்போது அம்மா கிணற்றடிப் பைப்பைத் தொட்டதும் சுரீரென்றது. தொட்டி நிறையும் தறுவாயில், கிணற்றில் தண்ணீர் இறங்கின பிறகு தொட்டால் ஒன்றும் இல்லை. வீட்டுச் சுவர் ஓரமாக ஒரு எர்த் கம்பி இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இதை வாசித்த உடனே மோட்டாருக்குப் போகும் மெயினை அணையுங்கள். மோட்டார் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஒற்றை முனை சுவிட்ச் ஒரு வயரைத்தான் துண்டிக்கும். அது தவறிப்போய் நியூட்ரலில் மாட்டப்பட்டிருந்தால், மோட்டார் நின்ற பிறகும் கிணற்றுக்குள் கரண்ட் இருக்கும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் மெயின் சுவிட்சை அணைத்து, "போடாதே" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். சரிசெய்து முடிக்கும்வரை அந்தக் கிணற்றில் யாரும் இறங்க வேண்டாம். கம்பி வாளியால் தண்ணீர் கோரவும் வேண்டாம்.

உங்கள் அம்மா கவனித்துச் சொன்ன ஒரு விஷயம் பாதி வேலையை முடித்துவிட்டது. தண்ணீர் மேலே இருக்கும்போது பைப்பில் ஷாக், இறங்கினதும் இல்லை. மோட்டார் எப்போதும் தண்ணீருக்குள்ளேதான் கிடக்கிறது. கோளாறு மோட்டாரில் இருந்தால் தண்ணீர் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. மட்டத்தோடு கூடவே மாறுவது ஒன்றுதான், பாதிக் கிணற்றில் தொங்கும் அந்த டேப் ஜாயிண்ட். இரண்டு வருஷமாகத் தண்ணீருக்கு மேலே காற்றில் இருந்ததால் அது பிழைத்தது. இந்த மழையில் நம் செம்மண் கிணறுகள் எல்லாம் மேலே ஊறி வந்தபோது அது முதல்முறையாக முங்கியது.

கடையில் வாங்கும் பிவிசி டேப் தண்ணீருக்கானது அல்ல. அதன் பசை ஈரத்தில் நெகிழும், சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே மெல்லிய வழி கிடைக்கும். தண்ணீருக்குள் பத்து மீட்டர் இறங்கினால் சுமார் ஒரு கிலோ அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சேர்கிறது. ஐந்தாறு அடி ஆழமே அந்தச் சந்தில் நீரை நுழைக்கப் போதும். உள்ளே போன நீர் அங்கேயே நிற்பதும் இல்லை. செம்புக் கம்பியின் இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல கேபிளுக்குள் ஊர்ந்து போகும். பழைய ஜாயிண்டை வெட்டும்போது, அதையும் தாண்டி அரை அடிவரை செம்பு கறுத்துப் பச்சை பூத்திருப்பது இதனால்தான்.

ஆர்சிசிபி "ரொம்ப சென்சிட்டிவ்" என்று சொல்லிக் கழற்றுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அது தவறு, கணக்குப் போட்டால் தெரியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொதுவாக 15க்கும் 30க்கும் நடுவே விழும். 230 வோல்டில் 30 மில்லி ஆம்பியர் கசிய வேண்டும் என்றால், கம்பிக்கும் தண்ணீருக்கும் நடுவே மொத்தத் தடையே சுமார் 7,700 ஓம்தான் இருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள மோட்டாரும் கேபிளும் கிணற்றில் கிடக்கும்போது அந்தத் தடை 20 லட்சம் ஓமுக்கு மேல், அதாவது இரண்டு மெகா ஓமுக்கு மேல் இருக்கும். ஆக, உங்கள் ஆர்சிசிபி விழுந்தபோது இன்சுலேஷன் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. அந்தக் கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதைக் கழற்றியதால் கசிவு நிற்கவில்லை, பைப்பு வழியாக அம்மாவின் கைக்கு வந்தது.

இப்போது சோதித்து உறுதி செய்வோம். இதை, இன்சுலேஷன் தடையை அளக்கும் மெகர் வைத்திருக்கும், லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துச் செய்யுங்கள். மெயின் அணைந்திருப்பதை உறுதி செய்து, பேனல் பெட்டியில் உள்ள கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆன பிறகு, கிணற்றுக்குள் போகும் மூன்று கம்பிகளையும் பேனலிலிருந்து முழுதாகக் கழற்றச் சொல்லுங்கள். எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்று முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. மூன்று முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து மெகரின் ஒரு பக்கத்தில் கொடுத்து, மறுபக்கத்தை இரும்புப் பைப்பில் துரு சுரண்டிய இடத்தில் பிடித்து, 500 வோல்டில் அளக்க வேண்டும். மூன்று கம்பிகளும் மோட்டாருக்குள் வைண்டிங் வழியாக ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதால் தனித்தனியாக அளந்தாலும் ஒரே அளவுதான் காட்டும். அதை வைத்து "இந்தக் கம்பிதான் கெட்டது" என்று சொல்ல முடியாது.

முதல் அளவைக் குறித்துக்கொண்டு, கேபிளைப் பைப்போடு சேர்த்துக் கட்டியிருக்கும் கட்டுகளை அவிழ்த்து, ஜாயிண்ட் மட்டும் தண்ணீருக்கு வெளியே வருமளவு தூக்குங்கள். அது பாதிக் கிணற்றில் இருப்பதால் மோட்டாரை அசைக்கத் தேவையிருக்காது. ஜாயிண்டைத் துணியால் நன்றாகத் துடைத்து, அரை மணி நேரம் காற்றில் தொங்கவிட்டு மறுபடி அளக்கட்டும். முங்கியிருந்தபோது 0.01 அல்லது 0.02 மெகா ஓம் காட்டியது வெளியே வந்ததும் சட்டென்று இரண்டு, மூன்று என்று ஏறினால், கோளாறு ஜாயிண்டில்தான். ஏறவே இல்லை என்றால் மோட்டாரையும் மேலே எடுத்தாக வேண்டும். மோட்டாரின் சொந்த வால் கம்பியோடு கேபிள் சேரும் இடத்திலோ, வைண்டிங்கிலோ இரண்டாவது கோளாறு இருக்கிறது. இடைப்பட்டு 0.5 முதல் 2 வரை நின்றால் மோட்டார் ஓடும், ஆனால் அந்த அளவை எழுதி வைத்து அடுத்த மழைக்கு முன் மறுபடி அளப்பது அவசியம். 0.5க்குக் கீழே போனால் அந்த மோட்டாரை ஓட்டவே கூடாது.

ஜாயிண்ட்தான் என்று உறுதியானால் அதை அதே இடத்தில் மறுபடி டேப் சுற்றிச் சரிசெய்ய என் மனம் ஒப்பவில்லை. ஐம்பது அடி கிணற்றுக்குப் பேனல்வரை எண்பது அடி கேபிள் போதும், அதாவது 25 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பி சப்மெர்சிபிள் ஃபிளாட் கேபிளை ஒரே துண்டாக வாங்கி மாற்றிவிடுங்கள். எட்டு ஆம்பியர் போனாலும் இந்தத் தூரத்தில் மூன்று வோல்ட் அளவுதான் இழப்பு, மோட்டார் திணறாது. நடுவில் ஜாயிண்டே இருக்கக் கூடாது. தவிர்க்க முடியாத ஜாயிண்ட் ஒன்றே ஒன்று, மோட்டாரின் வால் கம்பியோடு சேரும் இடம். அதற்காக மோட்டாரை மேலே எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த ஒரு ஜாயிண்டைப் பொறுமையாகப் போடுங்கள்.

மூன்று கம்பிகளையும் ஒரே இடத்தில் சேர்க்கக் கூடாது. ஒரு பக்கத்தில் சிவப்பைக் குட்டையாகவும் மஞ்சளை அதைவிட இரண்டு அங்குலம் நீளமாகவும் நீலத்தை இன்னும் இரண்டு அங்குலம் நீளமாகவும் வெட்டி, மறுபக்கத்தில் நேர்மாறாக வெட்டினால் மூன்று இணைப்புகளும் படிப்படியாக விலகி நிற்கும். அப்போது ஒன்றில் நீர் புகுந்தாலும் பக்கத்துக் கம்பியோடு ஷார்ட் ஆகாது, ஜாயிண்டும் உருண்டையாகப் புடைக்காமல் ஒல்லியாக இருக்கும். கம்பியின் பளபளப்பு தெரியும்வரை சுரண்டி, செம்புக் குழல் போட்டு கிரிம்பிங் பிளையரால் அழுத்துவதே நல்லது. கையால் முறுக்கி மட்டும் விட்டால் மோட்டார் கிளம்பும்போது வரும் அதிக கரண்டில் அந்த இடம் சூடாகும், சூட்டில் மேலே சுற்றியது எல்லாம் இளகும். கிரிம்ப் செய்யக் கருவி இல்லையென்றால் முறுக்கி ஈயம் வைக்கலாம், ஆனால் ஊசிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஈய முனைகளை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். அந்த முனைதான் டேப்பை உள்ளிருந்து குத்தும்.

இன்சுலேஷனுக்கு முதலில் ரப்பர் டேப், இழுத்துச் சுற்றினால் தன்மேலேயே ஒட்டி ஒரே கட்டியாகிவிடும் வகை. சுற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் கேபிளின் மேல்தோலை இரண்டு அங்குலம் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். கையில் கிரீஸோ எண்ணெயோ இருக்கக் கூடாது. டேப்பை அகலம் பாதியாகும்வரை இழுத்து, முந்தைய சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்று விழும்படி, இணைப்பைத் தாண்டி இருபுறமும் இரண்டு அங்குலம் போய்த் திரும்பி வாருங்கள். இழுக்காமல் சுற்றினால் அது ஒட்டவே ஒட்டாது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு கம்பிக்கும் இப்படி மூன்று நடை, பிறகு மூன்றையும் சேர்த்து மேலே இரண்டு நடை, கடைசியாக அடிபடாமல் காக்க மட்டும் பிவிசி டேப். உள்ளே பசை பூசிய சுருங்கும் குழாய் கிடைத்தால் அது இன்னும் நல்லது. அதைக் கம்பிகளைச் சேர்ப்பதற்கு முன்பே கேபிளில் கோர்த்துவிட வேண்டும். சூடு கொடுக்கும்போது நடுவிலிருந்து ஓரங்களுக்குப் போனால் காற்று உள்ளே சிக்காது. இருபுறமும் பசை பிதுங்கி வெளியே தெரிந்தால்தான் அது மூடிவிட்டது என்று அர்த்தம்.

ஜாயிண்டைக் கிணற்றில் விடுவதற்கு முன் வாளியில் சோதிக்கலாம். ஜாயிண்ட் முழுதும் முங்க வாளித் தண்ணீரில் ஒரு பிடி உப்பு போட்டு, ஒரு வெற்றுச் செம்புக் கம்பியையும் அதில் விட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கேபிள் கம்பிகளுக்கும் அந்தச் செம்புக் கம்பிக்கும் நடுவே மெகர் வையுங்கள். மோட்டார் வெளியே காய்ந்து கிடக்கும்போது இந்த அளவு மெகரின் மேல் எல்லை வரை போக வேண்டும். மாலையில் நல்ல அளவு காட்டி காலையில் இறங்கியிருந்தால் நீர் புகுகிறது, ஜாயிண்டை வெட்டி மறுபடி போடுங்கள். கிணற்றிலிருந்து பைப்பைத் திரும்ப ஏற்றும் கூலியை நினைத்தால் ஒரு ராத்திரிக் காத்திருப்பு ஒன்றும் பெரிதல்ல. இறக்கும்போது கேபிளைப் பைப்போடு பத்தடிக்கு ஒரு கட்டு பிளாஸ்டிக் டையால் கட்டுங்கள். உங்கள் கேபிள் கல்லில் உரசித்தானே அறுந்தது, கிணற்று விளிம்பில் அது வளையும் இடத்தில் பிவிசி குழாய்த் துண்டு போட்டுவிடுங்கள்.

இனி எர்த். இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மூன்று கம்பி கேபிள் என்றதும் ஒன்று பேஸ், ஒன்று நியூட்ரல், ஒன்று எர்த் என்று நினைத்துவிடுகிறார்கள். மேலே பேனலில் கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டாரில் அந்த மூன்றும் ரன்னிங், ஸ்டார்ட்டிங், காமன். எர்த் கம்பியே அதில் கிடையாது. பேனல் பெட்டியைத் திறந்து பாருங்கள், மூன்று கம்பியும் மூன்று வேலைக்குப் போயிருந்தால் உங்கள் மோட்டார் பாடிக்கு எர்த் இல்லை. இரும்புப் பைப்பில் தொங்குவதால் பைப்பே அந்த வேலையைச் செய்யும், அதற்குப் பைப்பை மேலே எர்த்தோடு இணைத்திருக்க வேண்டும். கிணற்றடியில் பைப்பைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, உலோகக் கிளாம்ப் போட்டு, 4 சதுர மில்லிமீட்டர் பச்சைச் செம்புக் கம்பியால் எர்த் கம்பத்துக்கும் பேனலின் எர்த் முனைக்கும் கொண்டுபோங்கள். எப்போதாவது பிளாஸ்டிக் பைப்புக்கு மாறினால் இந்த வழி அறுந்துவிடும். அப்போது தனியாக ஒரு பச்சைக் கம்பியை மோட்டார் வரை இறக்கி பம்பின் போல்ட்டில் லக் வைத்து முறுக்க வேண்டும்.

சுவர் ஓரத்துக் கம்பியை நம்ப வேண்டாம் என்பதற்கும் ஒரு கணக்கு. அதன் தடை 20 ஓம் என்று நல்லபடியாகவே வைத்துக்கொள்வோம். ஒருநாள் பேஸ் நேராக மோட்டார் பாடியில் பட்டால் 230ஐ 20ஆல் வகுக்க 11.5 ஆம்பியர்தான் போகும். உங்கள் 16 ஆம்பியர் எம்சிபி இதைக் கண்டுகொள்ளாது. சி வகை எம்சிபி உடனே விழ அதைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு, 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். பைப்பு முழுக்கக் கிட்டத்தட்ட 230 வோல்டோடு மணிக்கணக்கில் நிற்கும், மோட்டாரும் ஓடிக்கொண்டே இருக்கும். இதே 20 ஓம் எர்த்தோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால், பைப்பில் 0.6 வோல்ட் ஏறுவதற்குள்ளேயே அது விழும் அளவுக் கசிவு வந்துவிடும். எர்த் மட்டும் வைத்துத் தப்ப முடியாது. ஆர்சிசிபி மட்டும் இருந்தால் கசிவுக்கு வேறு வழி கிடைக்காமல், யாராவது தொட்ட பிறகுதான் அது விழும். இரண்டும் சேர்ந்தால்தான் யாரும் தொடுவதற்கு முன்பே விழும்.

எர்த்தை பல்பு வைத்துச் சோதித்துத் திருப்தியடைபவர்களை நிறையப் பார்க்கலாம். பேஸிலிருந்து எர்த்துக்கு 40 வாட் பல்பு எரிகிறது, "எர்த் சூப்பர்" என்பார்கள். அந்தப் பல்பின் தடை சுமார் 1,300 ஓம். எர்த்தின் தடை 100 ஓமாக இருந்தாலும் பல்பு பிரகாசமாகத்தான் எரியும். எர்த் டெஸ்டரால் அளந்த எண் மட்டுமே எண்.

புது எர்த்துக்கு 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப், 2.5 மீட்டர் நீளம், வீட்டு அஸ்திவாரத்திலிருந்து ஐந்தடி தள்ளி. நம் மேட்டு விளைகளில் செம்மண்ணுக்குக் கீழே பாறை சீக்கிரம் தட்டும், கோடையில் மண் காய்ந்து தடை பல மடங்கு ஏறும். அதனால் இடத்தை ஈரம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அடுக்களைத் தண்ணீர் போய் விழும் வாழை மூடு அல்லது தென்னை மூட்டுப் பக்கம் வருஷம் முழுக்க நனைந்தே இருக்கும், அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கரியும் உப்பும் போடும் பழைய முறையில் உப்பை விட்டுவிடுங்கள். அது பைப்பை அரித்துவிடும், குடிக்கிற கிணற்றுப் பக்கமாகக் கசியவும் செய்யும். கரியும் நல்ல வயல் மண்ணும் போட்டு மிதித்தால் போதும், அல்லது பென்டோனைட் களிமண். ஆறடியிலேயே பாறை தட்டிவிட்டால் செங்குத்தாக முயல வேண்டாம். அரை மீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் வாய்க்கால் வெட்டி ஜிஐ பட்டையைப் படுக்கையாக 15 மீட்டர் புதைக்கலாம். அளவை ஏப்ரல் மாதத்தில் ஒருமுறை எடுங்கள், மழைக்காலத்து எண் ஏமாற்றும்.

கடைசியாக ஆர்சிசிபியைத் திரும்ப மாட்டும்போது வீட்டுக்கும் மோட்டாருக்கும் தனித்தனியாக மாட்டச் சொல்லுங்கள். மோட்டாரின் கசிவில் வீடு முழுக்க இருட்டினால் அடுத்த வயர்மேனும் அதைக் கழற்றத்தான் பார்ப்பார். மோட்டாருக்கு இரண்டு முனை, 25 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் போதும், அதற்கு முன்னால் 16 ஆம்பியர் எம்சிபி. ஓவர்லோடைப் பார்ப்பது எம்சிபியின் வேலை, ஆர்சிசிபி அதைச் செய்யாது. ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அது உங்களைக் காப்பாற்றவும் செய்யாது. மோட்டாருக்குப் போகும் நியூட்ரல் அதே ஆர்சிசிபி வழியாகவே போய் அதே வழியாகத் திரும்ப வேண்டும். பக்கத்து அறை போர்டிலிருந்து நியூட்ரலை எடுத்தாலோ, பேனலுக்குள் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருந்தாலோ, கிணற்றில் எந்தக் கோளாறும் இல்லாமலே விழுந்துகொண்டிருக்கும். கிணற்றுக் கம்பி மூன்றையும் கழற்றிய பிறகும் ஆர்சிசிபி விழுந்தால் நீங்கள் தேட வேண்டியது இதைத்தான். மாதம் ஒருநாள் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அது கருவி உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், எர்த்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.